அடுக்களைக் காலண்டரில் என் நாட்கள்

நாற்பத்தாறு வயதில் எனக்கு இதயம் கெட்டுவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திருவனந்தபுரத்தில் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு ஊர்க்காரர்களின் கோபத்தை ஒரே நேரத்தில் சமாளித்தவள். அப்படிப்பட்டவளுக்கு, கொல்லம் லைனைப் பிடிப்பதற்குள் நெஞ்சு படபடக்கும். கழுத்திலிருந்து சூடு ஏறி வியர்த்துக் கொட்டும். ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று பயம் வரும். என்ன விபரீதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதுதான் எரிச்சல்.

மூன்று முறை ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று முறையும் ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்றார்கள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் கணவரிடம் சொன்னார்கள். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு போர்டின் முன்னால் தூங்கி வழிந்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கணவர் ராஜினாமா கடிதத்தை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்தார். பஞ்சாங்கத்தில் நாளும் பார்த்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை.

"ஒரு கையெழுத்துப் போட்டா போறும். அப்புறம் ஆத்துல நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

எந்த ஆத்தில் என்று கேட்க நினைத்தேன். எங்கள் அக்ரகார வீட்டில் மாதம் மூன்று நாள் நான் பின்கட்டில் தனிப் பாயோடு உட்கார வேண்டும். தூரமான அன்று மாமியார் அடுக்களைக் கதவில் தொங்கும் காலண்டரில் நீலப் பென்சிலால் வட்டம் போடுவார். நாலாம் நாள் குளித்ததும் குறுக்கே ஒரு கோடு. வருஷம் முடிந்தாலும் காலண்டரைத் தூக்கிப் போடமாட்டார்.

அந்த வருஷம் வட்டம் வராமல் இரண்டு மாதம் போனது. மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "நின்னுடுத்தாக்கும். இனி பூஜைக்கு நீயே எல்லாம் பண்ணலாம்" என்றார். அந்த இரண்டு மாதங்களில்தான் நான் நரகத்தில் இருந்தேன். பிறகு திடீரென்று வந்து பத்து நாள் நிற்கவில்லை.

பக்கத்து போர்டில் இருந்த மலையாளிப் பெண்தான் விடவில்லை. "சேச்சி, இது ஹார்ட்டொண்ணும் அல்ல. லேடி டாக்டரைக் காணணும்" என்று வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, கடைசியாக எப்போது தூரமானேன் என்று. இருநூறு டெலிபோன் நம்பர்களை மனப்பாடமாகச் சொல்லுவேன். என் தேதி எனக்குத் தெரியவில்லை. அது மாமியார் வைத்திருக்கிற கணக்கு.

"நாளைக்கு எழுதிக் கொண்டு வரணும், கேட்டோ" என்றார் டாக்டரம்மா. ரத்தத்துக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை எழுதினார். பின்னால் வந்த ரிசல்ட்டில் கோளாறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து, இரண்டு வருஷக் காலண்டர்களையும் எடுக்கச் சொன்னேன். "எதுக்குடி இதெல்லாம்?" என்று முனகிக்கொண்டே கொடுத்தார் மாமியார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும், நான் லீவு போட்ட தேதிகளையும் வைத்துப் பார்த்தேன். முந்தின வருஷம் முழுக்க, லீவெல்லாம் வட்டத்துக்கு முந்தின வாரம். வட்டம் வந்த இரண்டாம் நாளே பின்கட்டு வழியாக ஆபீசுக்குப் போயிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனதில் இரண்டு, வட்டமே இல்லாத அந்த மாதங்களில். என் வியாதி இரண்டு வருஷமாக அடுக்களைக் கதவில் தொங்கியிருக்கிறது. யார் குழம்பைத் தொடலாம் என்று பார்க்க மட்டும் எல்லோரும் அதைப் படித்திருக்கிறோம். நானும்தான். எனக்கு அழுகையை விடக் கோபம் வந்தது.

மறுநாள் டாக்டரம்மா காலண்டரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இந்த வயசுல ஹார்மோன் நேரா இறங்காது. ஒரு மாசம் ஏறும், ஒரு மாசம் விழும். அந்த ஆட்டம் சிலருக்கு மனசைப் பிடிச்சு உலுக்கும். முன்னாடியே தூரத்துக்கு முந்தி மனசு கலங்கறவாளுக்குக் கூடுதலா வரும். பைத்தியமும் அல்ல, நடிப்பும் அல்ல" என்றார். உடனே நிற்காது, சில வருஷம் ஆகலாம், காப்பியைக் குறை, சாயங்காலம் நட என்றார். அவ்வளவுதானா என்று எனக்குக் கடுப்பாக இருந்தது. எழுந்தபோது, "மோசமான வாரத்துல பெரிய முடிவொண்ணும் எடுக்க வேண்டா" என்றார்.

வெள்ளிக்கிழமை கணவர் பேனாவை நீட்டினார். "நல்ல நாள். தள்ளிப் போடாதே."

"உங்க பஞ்சாங்கத்துக்கு நல்ல நாள்" என்றேன். "என் காலண்டர்ல இது ஆகாத வாரம்." நெஞ்சு அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆறாம் நாள் வட்டம் வந்தது. பின்கட்டில், தனிப் பாயில் உட்கார்ந்து கடிதத்தை முழுதாகப் படித்தேன். 'என்னால் இனி வேலை பார்க்க இயலாது' என்று எழுதியிருந்தது. தலை தெளிவாக இருந்தது. யாருடைய கடிதமோ போலிருந்தது. மடித்து, கிழித்தேன்.

பயம் இன்னும் நாலு வருஷம் வந்தது. வந்த நாளெல்லாம் மாமியார் வட்டம் போடும் அதே காலண்டரில் நானும் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஆபீசுக்குப் போனேன்.