வேட்டியில் பட்ட சிவப்பு

மட்டாஞ்சேரியில் அடுத்த வீட்டுக் கல்யாணத்து எச்சில் இலைகளை ஒன்று விடாமல் நக்கிய எங்கள் நாய், மறுநாள் காலை சிவப்பாக வாந்தியெடுத்தது, பேதியும் போயிற்று. ரத்தம் என்று அலறி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு மலையாளி மிருக வைத்தியரிடம் ஓடினேன். அங்கே அது வாலை ஆட்டிக்கொண்டு அவர் கையை நக்கியது.

அவர் என் வேட்டியில் ஒட்டியிருந்த சிவப்புத் துருவலைக் கிள்ளிப் பார்த்தார்.

"ரத்தமில்லை சாரே, பீட்ரூட் பச்சடியாணு. வளர்ந்த நாய்தானே, சாயங்காலம் வரை பட்டினி போடுங்கோ. வெள்ளம், அதான் தண்ணி, அது மட்டும் கொஞ்சங்கொஞ்சமா கொடுங்கோ. அப்புறம் மசாலா இல்லாத குழைஞ்ச சோறு. வெள்ளம் தங்கலேன்னாலோ, நெஜமாவே ரத்தம் போனாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே கொண்டு வாங்கோ."

அதற்கடுத்த நாள் கொல்லையில் அது கெட்டியாகப் போயிற்று. பூரித்துப்போய் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மூணு குழந்தை பெத்தேனே," என்றாள். "ஒண்ணுக்காவது இப்படி வந்து பார்த்தேளா?"