பீமுக்குள் போன பைப்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். கம்பி கட்டுவது என் தொழில்.

சிவில் படித்த என் மகள், கட்டிடத்தை முழுதாகக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டும் பிம் சான்றிதழ் வாங்கியிருந்தாள். நேர்காணலுக்காக அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை டிசைன் ஆபீசுக்கு பைக்கில் கூட்டிப்போனேன்.

என்ஜினியர் சான்றிதழை ஓரமாக வைத்தார். "நீங்க செஞ்ச மாடலைக் காட்டுங்கம்மா."

திரையில் மாடி வீடு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் இன்னொரு கோப்பைத் திறந்தார். அதே வீடு, அதே ஜன்னல்கள்.

"இது காலையில வந்த பையனோடது. ஒரே சென்டரா?"

"பயிற்சி மாடல் சார். எல்லாருக்கும் ஒண்ணுதான் கொடுத்தாங்க."

அதைவிட அதிர்ச்சி, இரண்டிலும் கழிவுநீர்க் குழாய் தளத்தைத் தாங்கும் பீமின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு போனது. கூச்சத்தை மறந்து கேட்டுவிட்டேன்: "ஏத்தா, அங்கிட்டு பைப்பு போனா நான் கம்பிய எங்கிட்டு வைக்கிறது?"

என்ஜினியர் சிரித்தார். "அப்பா கண்டுபிடிச்சிட்டாரு. சைட்டுல இதைத்தான் முதல்ல கேப்பாங்க. சொந்தமா ஒரு மாடல் செஞ்சு, எது எதுல மோதுதுன்னு கிளாஷ் ரிப்போர்ட்டோட திரும்ப வாங்க."

வீட்டில் இறங்கியதும் மகள், "ஒங்க டேப்பைக் கொடுங்கப்பா. நீங்க கம்பி கட்டுற வீட்டை அளக்க நாளைக்கு நானும் வாரேன்" என்றாள்.

எழுதியது: தை மாதம் ஐந்தாம் தேதி.