திரையில் ஒட்டிய நாடா

எந்த வீடியோவைப் பார்ப்பதற்கு முன்பும் அவன் காகித நாடாவிலிருந்து கடுகளவு கிள்ளி எடுப்பான். கிள்ளியதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, படத்தில் ரொம்பத் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைத் தேடுவான். கோபுர விளக்கு, கடைசிச் சன்னல், எதுவானாலும் சரி. அதன்மேல் திரையிலேயே நாடாவை ஒட்டிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, வீடியோவை ஓடவிடுவான். அந்தப் பொருள் நாடாவைவிட்டு நழுவினால் படம் ஆடுகிறது. நழுவாவிட்டால், வேலை முடிந்தது.

ஸ்டூடியோவில் அவனுக்கு நிதானம் என்று பெயர். மணிக்கணக்கான நடையை ஒரே நிமிடமாகச் சுருக்கித் தருகிற ஆள், ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இந்த முறை வந்த வேலை வீட்டிலிருந்தே வந்தது. அவன் மனைவி பெரிய மருத்துவமனை ஒன்றின் விசாரணை மேசையில் இருந்தாள். வாசலிலிருந்து பின்கட்டில் இருக்கும் ஸ்கேன் பிரிவுக்குப் போக வழி கேட்டவர்கள், போய்த் தொலைந்து, மறுபடி அவளிடமே வந்து நின்றார்கள். ஊழியர் கூட்டத்தில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வாயைவிட்டுவிட்டாள். "வழியைச் சொன்னா புரியல சார். நடந்து போற மாதிரி காட்டிட்டா புரியும். எங்க வீட்டுக்காரர் செஞ்சு தருவார்." கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாராம். "திங்கட்கிழமை காலையில டி.வி.யில ஓடட்டும். பார்த்துட்டும் ஆளுங்க தொலைஞ்சா, இந்த மாதிரி யோசனையெல்லாம் இனிமே வேண்டாம்மா."

"என் மானம் உங்க கையில இருக்கு" என்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்ன பிறகு சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு என்னவோ செய்தது.

ஒட்டகம் என்று அழைக்கப்பட்ட நெட்டைக் கேமராமேன் நெஞ்சுயரத்தில் கேமராவைப் பிடித்தபடி வாசலிலிருந்து ஸ்கேன் பிரிவு வரை நடந்து எடுத்து வந்தான். மனிதன் நடக்கும்போது இடக்காலுக்கு ஒரு சாய்வு, வலக்காலுக்கு ஒரு சாய்வு. நடையைச் சுருக்குவதற்காக இத்தனை படத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அடுக்கினால், ஒன்று இடதில் சாய்ந்திருக்கும், அடுத்தது வலதில். பார்ப்பவனுக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் நிதானம் மென்பொருளிடம் வேறு மாதிரி கேட்டான். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே தேடி, முந்தின படத்தோடு அதிகம் ஒத்துப்போகிறதை மட்டும் எடு; பொருந்தாததைத் தாண்டிப் போ. மிச்சமிருந்த நடுக்கத்தை நிலைப்படுத்தி, ஆடிய ஓரங்களை வெட்டி, தாவல் தெரிந்த இடங்களில் பக்கத்துப் படங்களை ஒன்றோடொன்று குழைத்தான். தாழ்வாரம் தண்ணீராக ஓடியது.

துண்டு துண்டாகப் பார்த்தான். முற்றத்துக்கு ஒரு நாடா, நீளத் தாழ்வாரத்துக்கு ஒன்று, கடைசி நடைக்கு ஒன்று. ஒவ்வொரு முடிவிலும் நிறுத்தி, நாடாவை உரித்து, புதிய இடத்தில் ஒட்டி, தொடர்ந்தான். எதுவும் நழுவவில்லை.

"வெண்ணெய்டா!" என்றார் ஸ்டூடியோ முதலாளி. மனைவியும் பார்த்தாள். "அப்படியே பறக்குற மாதிரி இருக்குங்க." அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வழி தெரியும் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். லாரி ஓட்டுகிறவன், வழி கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவன். வீடியோவை ஒரு தடவை பார்த்தான்.

"இதுக்கெல்லாமா வீடியோ? நான் தூங்கிக்கிட்டே போவேன் அத்தான்."

"போய்க் காட்டு மாப்ளே."

போனான். கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது. பின்னால் என்னவோ கடகடவென்று உருண்டது.

"ஸ்கேன் எடுக்கிற மெஷின் இவ்வளவு பெருசாவா இருக்கும் அத்தான்?"

"ஏன், எங்க நிக்கிற?"

"இங்க ஒரு அம்மா போர்வையெல்லாம் உள்ள போட்டுச் சுத்துறாங்க. என்னையும் போட்ருவாங்க போல."

சலவைக்கூடம். பக்கத்தில் நின்ற மனைவிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. "நாளைக்கு எல்லாரும் அங்கதான் போய் நிக்கப் போறாங்களா?"

நிதானம் ஸ்டூடியோவுக்குப் போய் மூலப்படத்தைத் திறந்தான். சலவைக்கூடத்துக்கு முந்தின முனையில் ஒட்டகம் சட்டென்று இடப்பக்கம் திரும்பியிருந்தான். ஒரே வெட்டுத் திருப்பம், படம் கலங்கியிருந்தது. கலங்கிய படங்கள் எதனோடும் பொருந்தாதே, மென்பொருள் சொன்ன பேச்சைக் கேட்டு அத்தனையையும் தாண்டிவிட்டது. முனைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பச்சைச் சுவர். குழைத்தபோது தையல்கூடத் தெரியவில்லை. வீடியோவில் திருப்பமே இல்லை. பார்க்கிறவன் நேராகப் போய்க்கொண்டே இருப்பான்.

தனக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தவன், விரலில் ஒட்டியிருந்த நாடாவைப் பார்த்தான். அந்த முனையில்தான் அவன் நிறுத்தி நாடாவை மாற்றியிருந்தான். முனையைத் தாண்டும் இடம் நிற்காமல் ஒரு தடவைகூட அவன் கண்முன் ஓடியதே இல்லை.

சாயங்காலம் அவனே கேமராவை எடுத்துக்கொண்டு அந்த முனைக்குப் போனான். தாழ்வாரத்தில் பகலும் ஒன்றுதான், மாலையும் ஒன்றுதான், எப்போதும் குழல்விளக்கு. முனைக்கு வெகுமுன்பே கேமராவை இடப்பக்கம் மெல்லத் திருப்பத் தொடங்கி, கால்களைப் பின்னால் வரவிட்டான். சுவரோரம் ஒரு சிவப்பு நாற்காலி கிடந்தது. சலவைக்கூடத்து அம்மா இடுப்பை நிமிர்த்த உட்காருகிற இடமாம்.

"எடுத்துடவா தம்பி?"

"இருக்கட்டும்மா. திரும்புற இடத்துக்கு அடையாளம்."

நேர்ப்பாதைகளை வேகமாகவே விட்டான். முனை நெருங்க நெருங்கப் படங்களைத் தாண்டுவதைக் குறைத்து, திருப்பத்தை ஏறக்குறைய நடக்கிற வேகத்துக்கே கொண்டுவந்தான். வேகம் குறைந்ததும் காலடியின் ஆட்டம் திரும்ப வந்து எட்டிப் பார்த்தது. ஓரத்தை இன்னும் வெட்டினால் ஆட்டம் போகும். கூடவே நாற்காலியும் போகும். இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு ஆட்டத்தை விட்டுவைத்தான்.

"இதுல கொஞ்சம் குலுங்குதே" என்றான் மச்சினன்.

"நீ பார்த்துக்கிட்டே எந்தப் பக்கம் சாஞ்ச?"

அவன் தன் தோளைப் பார்த்தான். இடது தோள் இறங்கியிருந்தது. "வளைவுல லாரி ஓட்டுறப்போ இப்படித்தான்..." என்று முனகினான்.

ஆனால் மச்சினனுக்கு இப்போது வழி தெரியும். அவன் தோளை எப்படி நம்புவது?

திங்கட்கிழமை காலை நிதானம் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக் கூடத்தில் போய் நின்றான். டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களைப் பார்த்தபடி. கையில் உறையோடு ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரம் ஓடிய நேரத்தில் அவர் அசையவில்லை. பிறகு, காற்றில் ஒரு கிளை சாய்வதுபோல, அவர் உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண். அவள் தோளும் இறங்கியது.

மேசைக்குப் பின்னாலிருந்து மனைவி அவனைப் பார்த்தாள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவள்முன் நிற்கவில்லை. கண்காணிப்பாளர் கடந்து போகிறபோது, "அடுத்தது ரத்தப் பரிசோதனைக்கும் ஒண்ணு போட்டுடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தலை மறைந்த பிறகு மேசையடியில் இரண்டு கைகளையும் கோத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

அதற்குப் பிறகு நிதானம் திரையில் நாடா ஒட்டினாலும், கடைசியில் அதை உரித்துவிட்டு, படத்தைப் பார்த்திராத யாரையாவது உட்காரவைத்து அவர்கள் தோளைப் பார்ப்பான்.

வெகுகாலம் கழித்துத்தான் அவனுக்கு இன்னொன்று தெரியவந்தது. அந்த முனை நாற்காலியின் கால் எப்போதோ உடைந்துவிட்டதாம். கிடங்கிலிருந்து கொடுத்த நீல நாற்காலியைச் சலவைக்கூடத்து அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். எங்கெங்கோ கேட்டு அதே சிவப்பில் ஒன்றை வாங்கி வந்து போட்டு, ஆனால் அதில் ஒரு நாளும் உட்காராமல், பக்கத்துப் படியில் உட்கார்ந்து இடுப்பை நிமிர்த்துகிறாராம்.