அறுபதுக்கு அறுபது

சங்கரன்கோவிலில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களில் இசக்கித்துரையைப் போல இரும்பின் மேல் பாசம் வைத்தவரைப் பார்க்க முடியாது. மனிதர்கள் மேல் அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடைசல் மெஷினிலிருந்து சுருள் சுருளாக இரும்பு கீழே விழுவதைப் பார்த்தால் மட்டும் யாரோ அவர் நெஞ்சைச் சீவுவதுபோல முகம் சுளிப்பார்.

குருவிகுளம் பக்கத்துக்காரர். ஆடு மேய்த்த குடும்பம். இருந்த ஆடுகளை விற்றுப் பழைய லேத் ஒன்றை வாங்கி, ராஜபாளையம் ரோட்டோரம் தகரக் கூரை போட்டுத் தொழிலைத் தொடங்கினார். இருபது வருஷமாக ரிப்பேர் வேலைதான். தேய்ந்த புஷ், உடைந்த பின், வளைந்த தறி ஷாஃப்ட். பழையதைக் கொண்டுவருவார்கள்; கிடக்கிற துண்டு இரும்பில் புதியது கடைந்து கொடுப்பார். மாட்டினால் சரி. வெளிவிட்டம் எத்தனை, நீளம் எத்தனை என்று அளந்து பார்க்க வந்தவன் ஒருவனும் இல்லை. அதனால் தனக்கு அளவு தெரியும் என்று அவர் நம்பியதை யாரும் சோதிக்கவில்லை.

அடுத்த பட்டறைகளைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது. "ஐம்பது மில்லி சாமானுக்கு அறுபது மில்லி ராடு வாங்குதானுவ. இவனுகளுக்கு இரும்பு மரத்துல காய்க்குதுன்னு நெனப்பு" என்பார். டீக்கடையில் கேட்பதற்கு ஆளும் இருந்தது.

அவர் மனைவி கோமதித்தாய் அப்படிக் கேட்கிற ரகம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு பம்ப் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தவர். எந்தப் பாகத்துக்கு எந்த ராடு, எத்தனை நீளம் என்று வெட்டிக் கொடுப்பதுதான் அங்கே அவர் வேலை. பட்டறையில் அவர் பில் போடுவார், போன் எடுப்பார். இரும்பு வாங்குவது மட்டும் இசக்கித்துரையின் ராஜ்யம். அதில் அவர் யாரையும் விடமாட்டார்.

போன வருஷம் ஒரு தறி மெஷின் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. அறுபது ஷாஃப்ட். முதல்முறையாகப் பழைய சாமான் வரவில்லை; வரைபடம் வந்தது. நடுவில் அறுபது மில்லிமீட்டர் விட்டத்தில் தடித்த வளையமாக ஒரு காலர். இரண்டு பக்கமும் முப்பத்தைந்தாக இறங்குகிறது. மொத்த நீளம் இருநூறு. எல்லாப் பரப்பும் கடைந்திருக்க வேண்டும், ஒரே துண்டாக இருக்க வேண்டும், வெல்டிங் கூடாது என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அந்த ஓரத்தை இசக்கித்துரை படிக்கவில்லை. ஓரத்தில் எழுதுவதெல்லாம் பொழுது போகாதவர்கள் எழுதுவது என்பது அவர் கொள்கை.

"பெரிய விட்டம் அறுபது. நீளம் இருநூறு. அறுபது மில்லி ராடு ரெண்டு போதும். ஆறு மீட்டர் ராடுல இருநூறு வீதம் முப்பது துண்டு. ரெண்டு ராடுக்கு அறுபது. ஒரு தூளு வீணில்ல" என்றார். இதைச் சொல்லிவிட்டு, கணக்கு வாத்தியார் கைதட்டுவார் என்று காத்திருப்பவரைப்போல நின்றார்.

கோமதித்தாய் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"இங்கேருங்க, அறுபதுல அறுபது எப்படி வரும்? கறுப்பு ராடு. மேல தோலு இருக்கும், உருண்டையும் சரியா இருக்காது. ஒரு எடத்துல அறுபதரை இருக்கும், ஒரு எடத்துல அம்பத்தொம்பதரை இருக்கும். அறுபத்தி மூணு வாங்குங்க. சுத்தி ஒன்றரை மில்லி கெடைக்கும். அறுபத்தஞ்சுகூட வேண்டாம்."

"மூணு மில்லியும் தூளாப் போகுமேட்டி!"

"ரெண்டு பக்கமும் முப்பத்தஞ்சுக்கு எறக்கப் போறோம். அதுல குவியலா விழுற இரும்பு கண்ணுல படல, மேல போற ஒன்றரை மில்லிதான் படுதாக்கும்."

"எனக்கே சொல்லிக் குடுக்கியா? போன தடவ இரும்புக்கட நஜ்முதீன் குடுத்த அறுபது ராடு அறுபத்தொண்ணு இருந்துச்சு."

"அது போன தடவ. அப்புறம் ரம்பம் போடுத மூணு மில்லிக்கு எங்க போவீங்க? ரெண்டு முனையும் மட்டம் தட்டணுமே, அதுக்கு?"

"ரம்பம் என்ன, சாப்பிடவா செய்யுது?" என்றார் இசக்கித்துரை. அதோடு பேச்சு முடிந்துவிட்டதாக அவரே முடிவு செய்துகொண்டார்.

நஜ்முதீனின் இரும்புக் கடையிலிருந்து இரண்டு ராடு வந்தது. பட்டறையில் கடைசல் பிடிக்கும் டர்னர் பேச்சிராஜை ஹேக்சா மெஷினில் நிறுத்தி, "மட்டமா இருநூறு வச்சு வெட்டுலே" என்று கூடவே நின்றார். ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லியைத் தின்றது. இருபத்தொன்பது துண்டு முடிந்தபோது மிச்சம் கையில் ஒரு சாண்கூட இல்லை. முப்பதாவது துண்டு கிடையாது.

இசக்கித்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக நஜ்முதீனுக்குப் போன் போட்டார்.

"பாய், நீரு குடுத்தது ஆறு மீட்டர் இல்லவே. கம்மியா குடுத்திருக்கீரு."

நஜ்முதீன் பொறுமைக்காரர். "அண்ணாச்சி, இன்னொரு ராடு வெட்டாமக் கெடக்குல்லா? டேப்பப் புடிச்சுப் பாரும்" என்றார்.

பிடித்துப் பார்த்தார். ஆறு மீட்டருக்கு மேலே விரற்கடை அதிகமாகவே இருந்தது. டேப் பழசு என்று சொல்லி அதை ஓரமாக எறிந்துவிட்டு இரண்டாவது ராடையும் அதே மாதிரி வெட்டச் சொன்னார். தவறென்று தெரிந்த பிறகும் அதையே இன்னொரு முறை செய்ய ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

முதலில் பத்து ஷாஃப்ட் கடைந்து மாதிரிக்கு அனுப்ப வேண்டும். முதல் துண்டை மெஷினில் கட்டி ஓடவிட்ட பேச்சிராஜ் கொஞ்ச நேரத்தில் நிறுத்தினான்.

"அண்ணாச்சி, ஒரு பக்கம் டூல் புடிக்கி, ஒரு பக்கம் புடிக்கல. கறுப்புத் தோலு அப்படியே நிக்கி."

"இன்னும் கொஞ்சம் உள்ள விடுலே."

"விட்டா அம்பத்தொம்பதுக்குப் போயிருமே!"

விட்டார்கள். போயிற்று. முனைகள் ரம்பத்தில் லேசாகக் கோணி வெட்டுப்பட்டிருந்ததால் அவற்றை மட்டம் தட்டியதும் நீளம் நூற்றுத் தொண்ணூற்றெட்டரைக்கு வந்து நின்றது. நீளத்தை ஒட்டவைக்க வழியில்லை. காலருக்கு இருந்தது. மேலே வெல்டிங் போட்டு ஏற்றி, அதை அறுபதுக்குக் கடைந்து, எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்துப் பெட்டியில் அடுக்கினார் இசக்கித்துரை. கோமதித்தாய் பில் போட மாட்டேன் என்றார். "இதுக்கு என் கையெழுத்து வராது" என்றார். இசக்கித்துரை தானே எழுதிக்கொண்டு போனார்.

கம்பெனியில் சாமான்களை அளந்து பார்ப்பவர் சண்முகப்ரியா என்ற சின்ன வயதுப் பெண். அவர் முதலில் நீளத்தை அளந்தார்.

"அண்ணாச்சி, ஒன்றரை மில்லி கம்மி."

"ஒன்றரை மில்லிதானம்மா. நகக்கண்ணு அளவு."

"கூட இருந்தா நாங்களே சீவிக்கிடுவோம். கம்மியா இருந்தா என்ன செய்யட்டும்?"

பிறகு காலரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். வெல்டிங்கில் குண்டூசி நுழைகிற மாதிரிப் பொடித் துளைகள். வரைபடத்தை எடுத்து மேஜையில் வைத்து, அந்த ஓரத்தின் மேல் விரலை வைத்தார். இசக்கித்துரை குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரைபடத்தின் ஓரத்தைப் படித்தார். படித்துவிட்டு, "இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

பெட்டியோடு திரும்பி வந்தார். பத்தும் பழைய இரும்புக்குத்தான் போகும். மிச்சம் நாற்பத்தெட்டு துண்டு கடையாமல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. அன்று அவர் டீக்கடைக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு தூளும் வீணாகாத அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். தன்மேல் அல்ல, ரம்பத்தின் மேல்.

கோமதித்தாய் கம்பெனிக்குப் போன் செய்து பத்து நாள் அவகாசம் வாங்கினார். பிறகு புருஷனிடம் கேட்காமலே நஜ்முதீனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அறுபத்தி மூணு ராடு ரெண்டு. ஒண்ணுக்கு இருபத்தொம்பது துண்டு வரும். இருநூத்தி மூணு வச்சு வெட்டுதேன், ரம்பத்துக்கு மூணு. ரெண்டு துண்டு கொறையும். ஒங்க மூலையில அறுபத்தி மூணுல துண்டு கெடந்தா அரை மீட்டர் போடுங்க. அதுக்காக மூணாவது ராடு வாங்கி வைக்க மாட்டேன்."

"துண்டு கெடக்கும்மா. அண்ணாச்சி ஏதும் சொல்ல மாட்டாரோ?"

"அவரு சொன்னதுதான் செவுத்தோரம் அடுக்கிக் கெடக்கு."

பேச்சிராஜ் கடைந்தான். டூல் சுற்றிலும் பிடித்தது, கறுப்புத் தோல் முழுக்கப் போனது, அறுபதும் சரியாக வந்தது. சண்முகப்ரியா அளந்தார், ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

கிடந்த நாற்பத்தெட்டுக்கும் கோமதித்தாய்தான் வழி தேடினார். தெரிந்த ஆட்களிடமெல்லாம், ஐம்பத்தைந்துக்குள் அடங்குகிற சாமான் ஏதாவது தேவைப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இளையரசனேந்தலில் டிராக்டர் டிரெய்லர் கட்டும் ஆறுமுகச்சாமிக்கு டிரெய்லரை மாட்டும் இரும்புப் பின்கள் வேண்டியிருந்தன. ஐம்பத்தைந்து விட்டம், தொண்ணூற்றைந்து நீளம். மட்டம் தட்டச் சேர்த்துத் தொண்ணூற்றேழு; இரண்டு பின்னுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு; நடுவில் ரம்பத்துக்கு மூன்று. இருநூறு மில்லித் துண்டில் இரண்டு பின் அடங்கியது. விட்டத்திலும் தோல் போக இடமிருந்தது.

பின்கள் போய்ச் சேர்ந்த வாரம் இசக்கித்துரை டீக்கடைக்குத் திரும்பினார். பழைய இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடி கிளாஸைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்:

"அந்த அறுபது ராடு வாங்குறப்பவே எனக்குத் தெரியும் மக்கா. டிரெய்லர் பின்னுக்கு ஆகும்னு ஒரு கணக்குப் போட்டுத்தான் இருநூறு இருநூறா வெட்டி வச்சேன். இவளுக்கு அது புரியல, குதியா குதிச்சா."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். டீ அவர் வாங்கிக் கொடுத்தது.

இப்போது வரைபடம் வந்தால் நேராகக் கோமதித்தாயின் மேஜைக்குப் போகிறது. தகடு என்றாலும் அவர்தான். இருபது மில்லி கனம் இருபுறமும் கடைய வேண்டுமென்றால் இருபத்தைந்து மில்லித் தகடு. ஒரு பக்கம் அப்படியே விடலாம் என்றால் இருபத்திரண்டு போதுமா என்று கம்பெனியைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். இசக்கித்துரை இதையெல்லாம் தான் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறார். வயதாகிறது, பொம்பளையும் தொழில் கத்துக்கிடட்டுமே என்கிறார்.

சென்ற மாதம் அவராகவே நஜ்முதீன் கடைக்குப் போய், நாற்பது மில்லி சாமானுக்கு நாற்பது மில்லி ராடு கேட்டார்.

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்றார் நஜ்முதீன்.

"கடை ஒம்ம கடையா, அவ கடையா வே? நான் சொல்லுதேன், எடும்."

நஜ்முதீன் ராடை எடுக்கவில்லை. போனை எடுத்தார். இசக்கித்துரை வாசலில் நின்று, எதிர்ப் பட்டறையில் ஒருவன் கடைந்து தள்ளுகிற இரும்புச் சுருளைப் பார்த்து, "எப்படி வீணாக்குதான் பாரும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.