கேம்ப் கேப்ஷனும் ஒரு பெண் பார்த்தலும்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே போடும் கேப்ஷன் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பேக்கரிக்கும் எழுதுவேன், பட்டுச் சேலைக் கடைக்கும் எழுதுவேன், நாய்க்கு முடி வெட்டும் கடைக்கும் எழுதுவேன். அப்படித்தான் அந்தக் கேம்ப்காரர் எனக்குப் பழக்கமானார்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு. அதன் ஒரு மூலையில் பத்துக் கூடாரம் போட்டு, வாரக்கடைசி சாகச கேம்ப் ஆரம்பித்திருந்தார். முழுக்கப் பட்டா நிலம். காட்டுக்குள் காலெடுத்து வைக்கிற வேலையே கிடையாது. வேலியோரமாக ஒரு நடை, பண்ணைக்குட்டையில் கயாக் என்கிற துடுப்புப் படகு, சாயங்காலம் தீ மூட்டிச் சுற்றி உட்காருவது, அவ்வளவுதான். சாகச கேம்ப் நடத்துகிறாரே தவிர, மனுசர் பயங்கரமான பயந்தாங்கொள்ளி. தோப்பில் மட்டை விழுந்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அதனால் பாதுகாப்பு விதிகளில் ஒரு எழுத்தைக் குறைக்க விடமாட்டார். "ஏனுங்க, ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நாந்தானுங்க பதில் சொல்லோணும்" என்பார். தனியாக எங்கேயும் போகக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், கழிப்பறைக்கும் அப்படித்தான். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது, காட்டுப்பன்றி வரும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் குட்டைப் பக்கம் போகக் கூடாது. மது கூடாது. இருட்டிய பிறகு வேலியைத் தாண்டக் கூடாது, அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு.

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு ஒரு எழுத்துக் கணக்கு இருக்கிறது. அதில் தமிழுக்குப் பெரிய அநியாயம். கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் தனி எழுத்தாக எண்ணிவிடும். கொண்டுவர வேண்டிய பொருள்கள், ஆள் எண்ணிக்கை, பாதுகாப்பு விதிகள், கேன்சல் நிபந்தனைகள் என்று எல்லாம் போட்டு முடித்தபோது இடம் தீர்ந்திருந்தது. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். இது என்ன கேம்ப், யாருக்காக, என்னென்ன விளையாட்டு என்று விளக்கியிருந்த பத்தியை எடுத்துவிட்டேன். படத்தில் கூடாரம் தெரிகிறதே, புரியாதா என்று நினைத்தேன்.

கேப்ஷனில் முதல் இரண்டு வரிதான் வெளியே தெரியும். மீதி, தொட்டால்தான் விரியும். எனவே முதல் வரி ஆளை இழுக்க வேண்டும். நான் எழுதிய வரி இது: 'முன்பின் தெரியாதவர்களாக வாருங்கள், சொந்தக்காரர்களாகத் திரும்புங்கள்.' எழுதி முடித்ததும் எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாளே கேம்ப்காரர் கூப்பிட்டார். குரலில் ஒரே சந்தோசம்.

"அம்மணி, இருபது பேருக்கும் ஒரே பார்ட்டி புக் பண்ணிட்டாங்க. பல்லடம் பக்கம் ஒரு குடும்பம், பொள்ளாச்சி பக்கம் ஒரு குடும்பம். குடும்பத்துக்குப் பத்துப் பேரு."

"ரெண்டு குடும்பமும் சிநேகிதங்களா?"

"இல்லீங்க. பொண்ணு பாக்க வாராங்க."

அவர் தொடர்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா என் முதல் வரியைப் படித்திருக்கிறார். பெண்ணை வீட்டில் போய் ஒரு மணி நேரம் பார்த்து என்ன தெரியும், இப்படி இரண்டு நாள் ஒன்றாக இருந்து பார்க்கிற ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது போல என்று நினைத்து, பெண் வீட்டாருக்கும் அனுப்பிவிட்டார். புக் செய்யும்போது அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால் அது கேன்சலில் வருமா?

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேப்ஷன்ல போட்டிருக்கற மாதிரிதானுங்கன்னு சொல்லிப்போட்டேன். நீங்களும் வந்துருங்க, எனக்குத் தனியாச் சமாளிக்கத் தைரியமில்ல."

ரீல்ஸ் எடுக்கிற சாக்கில் நானும் போனேன்.

சனிக்கிழமை காலை இரண்டு வேன் வந்து நின்றது. இறங்கியவர்களைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலை. ஆனால் ஒன்று விடாமல் இலைப்பச்சை, பாக்குக் கலர், மண் கலர். ஆண்களுக்கும் அதே நிறத்தில் சட்டை. கொண்டுவர வேண்டியவை என்கிற பகுதியில், 'பளிச்சென்ற நிற உடைகள் வேண்டாம், பச்சை அல்லது பழுப்பு நல்லது' என்று நான்தான் எழுதியிருந்தேன். நகையும் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதனால் கல்யாணப் பெண் ஒரு மணிகூட இல்லாத கழுத்தோடு நின்றிருந்தாள். அவளுடைய அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், "ஊட்ல எல்லாம் இருக்குதுங்க. இவுங்கதான் போடக் கூடாதுன்னுட்டாங்க" என்று என்னைக் கை காட்டினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பட்டியலில் இருந்தபடியே எல்லார் கையிலும் ஆளுக்கொரு டார்ச் லைட் இருந்தது. பகல் பத்து மணிக்கு, எரிந்துகொண்டு.

அப்போது பின்னால் ஒரு கார் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன். முதலில் வர முடியாது என்றவர், மனசு மாறி வந்துவிட்டார். கேம்ப்காரர் முகம் வெளிறிப்போனது. அதிகபட்சம் இருபது பேர் என்று போட்டிருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டும் இருபதுதான், படுக்கையும் இருபதுதான். தாய்மாமனைத் திருப்பி அனுப்பினால் இந்தச் சம்பந்தமே நடக்காது. கடைசியில் கேம்ப்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மாமா, நீங்க விருந்தாளிக் கணக்குல வர வேண்டாம். ஸ்டாஃப் கணக்குல வந்துருங்க. சமையல்காரரு பக்கத்துல கட்டில் போட்டுத் தாரேன்."

கேம்ப் பெயர் போட்ட ஒரு டீ-சர்ட்டும் ஒரு விசிலும் அவர் கைக்குப் போயின. சும்மா சமாதானத்துக்குக் கொடுத்ததுதான். மாமா ஜிப்பாவைக் கழற்றிவிட்டு டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டார். போனை எடுத்து என் கேப்ஷனைக் கீழே வரைக்கும் விரித்து, ஒரு தடவை முழுக்கப் படித்தார். பிறகு விசிலடித்தார்.

"எல்லாரும் ரெண்டு ரெண்டு பேராப் பிரியுங்க."

இங்கேதான் சிக்கல் வந்தது. பெண்ணும் பையனும் ஒரு ஜோடியாக இருக்கட்டுமே என்று ஒரு சித்தி மெல்லச் சொன்னார். நிச்சயமாகாமல் அதெப்படி என்று பெண் வீட்டில் முகம் சுளித்தார்கள். மாமா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். பெண்ணுக்கு ஜோடி மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளைக்கு ஜோடி பெண்ணின் அப்பா. பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கப்புறம் இரண்டு நாளும் அந்தப் பையன் எங்கே போனாலும் பெண்ணின் அப்பா கூடவே போனார். அவர் போனால் இவன் போனான். கழிப்பறைக் கதவுக்கு வெளியே ஒருவருக்காக இன்னொருவர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் இரண்டு பேருக்கும் கூச்சம்தான். மத்தியானத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. பையன் பம்பு செட் கம்பெனியில் வேலை. பெண்ணின் அப்பா தோட்டத்தில் ஒரு மோட்டார் ரொம்ப நாளாகத் தகராறு. சாயங்காலம் நான் பார்க்கும்போது இரண்டு பேரும் தென்னை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் மோட்டார் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் பக்கம் அவன் திரும்பவே இல்லை. நேரமில்லை.

குட்டையில் வேறு மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா இலைப்பச்சைப் பட்டின் மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கயாக்கில் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அந்தப் பெண். பத்தடி போவதற்குள் அந்தம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி, "கண்ணு, உனக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். கயாக் கவிழ்ந்தது.

கரையில் இருந்த மாமா விசிலை அடித்து அடித்து ஓய்ந்துபோனார். கேம்ப்காரர் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா தண்ணீரில் கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மட்டும் பதறவில்லை. அவர் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மிதந்தபடியே பேசினாள்.

"ஒண்ணும் ஆகாதுங்க அத்தை. ஜாக்கெட்டு தூக்கிக்கும். தலையைப் பின்னால சாயுங்க. வானத்தைப் பாருங்க. நானிருக்கேன்."

அந்தம்மா தலையைச் சாய்த்தார். உதறல் நின்றது. பச்சைப் பட்டு தாமரை இலை மாதிரி தண்ணீரில் விரிந்து கிடக்க, அப்படியே மிதந்தார். கரைக்குக் கூட்டிப் போகலாமா என்று பெண் கேட்டதற்கு, "இரு கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். நான் ரீல்ஸ் எடுக்க வந்தவள் போனைத் தூக்கவே மறந்துவிட்டேன். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச வேண்டியதைப் பேசும் நேரம். மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். பெண்ணின் அப்பாவுக்கு இரட்டைச் சம்மதம். "அம்மணி என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். அந்த வட்டத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது.

அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "மாமா, கேன்சல் நிபந்தனையில என்னமோ போட்டிருக்குதல்லங்க?"

மாமா விறைப்பாக நிமிர்ந்தார். போனை எடுத்து உரக்கப் படித்தார். "ஒரு வாரத்துக்கு முன்னாடி சொன்னா முழுப் பணமும் திருப்பித் தரப்படும். மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும் பாதி. அதுக்கப்பறம் கிடையாது. ஆனா, ஒரு தடவை கட்டணமில்லாமத் தேதி மாத்திக்கலாம்."

"அப்ப நான் தேதி மாத்திக்கறனுங்க" என்றாள் அவள். "படிப்பு இன்னும் முடியலீங்க. முடிச்சுப்போட்டு வேலைக்குப் போகோணும். அதுக்கப்பறம் பேசிக்கலாமுங்க."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். டீ-சர்ட் போட்டவர் அவர்தான். மாமா திரும்பவும் அந்த வரியை மனசுக்குள் படித்தார். உதடு அசைந்தது.

"ரூல்ஸ்ல எடம் இருக்குதுங்க" என்றார். "ஒண்ணும் பண்ண முடியாது."

அவ்வளவுதான். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை; யாருக்கும் தலைகுனிவு இல்லை. தேதி மாறியிருக்கிறது என்று எல்லாரும் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். வேன் ஏறும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, அதை நீங்கதான எழுதுனீங்க" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

அந்தத் தேதி வரவே இல்லை. பையனுக்கு அடுத்த வருசம் தாராபுரம் பக்கம் வேறு பெண் அமைந்தது. அந்தக் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. போய்ப் பார்த்தால், மணவறைக்குப் பக்கத்திலேயே அந்தப் பொள்ளாச்சிப் பெண்ணின் அப்பா நிற்கிறார், மாப்பிள்ளையின் செல்போனையும் வேட்டி மடிப்பையும் கவனித்துக்கொண்டு. மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறதாம்.

பந்தியில் என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூர் வந்து, பெண்களுக்கான நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போகிறாராம். யார் கூட என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளதான் கூட்டிட்டுப் போகுது" என்றார், இலையில் எனக்கு இன்னொரு லட்டு வைக்கச் சொல்லி. "மருமகளா வந்திருந்தா இதெல்லாம் நடக்குமுங்களா?"