காலியாக இல்லாத காலியிடம்

அமெரிக்காவில் எங்கள் பார்சிப்பனி ஆபீசில், ஊழியர் பட்டியலைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும் முன் சரிபார்ப்பது என் வேலை. முதல் பெயர் காலியாக உள்ள வரிகள் எவை என்று, IS NULL போட்டுக் கேட்டேன்; ஒரு வரிகூட வரவில்லை. எல்லாம் நிரம்பியிருக்கிறது என்று மேனேஜருக்குச் சந்தோஷம். எனக்கு அவ்வளவு சுலபத்தில் சந்தோஷம் வராது. ஒரே முதல் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ண GROUP BY போட்டு, HAVING COUNT(*) > 1 கொடுத்து, அதிகம் வருவதை மேலே வரச் செய்தேன். முதலில் நின்றது FNU.

ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த கோயமுத்தூர்க்காரர் எட்டிப் பார்த்தார். "யாருங்க்கா இந்த ஃப்னு? இத்தன பேருக்கு வெச்சிருக்காங்க?"

"ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரா இருந்தா, விசாவுல அதைக் கடைசிப் பேராக்கிட்டு முன்னாடி இதைப் போட்டுடுவாங்க. காலின்னு எழுதியே காலியிடத்த நிரப்பிட்டாங்க."

WHERE முதல் பெயர் = 'FNU' என்று தனியே பிரித்தேன்.

"அக்கா, இதுல நீங்களும் இருக்கீங்க!"

"இருப்பேன்."

செல்லாத மதிப்பு என்று என் வரியையும் சேர்த்துக் குறித்தேன். திருத்தம் என்ற கட்டத்தில், 'உரியவரிடம் பெயரைக் கேட்கவும்' என்று எழுதி அனுப்பினேன்.

இன்றுவரை என்னை யாரும் கேட்கவில்லை.