அப்பாவுக்கு விலக்கிய மஞ்சள் கரு

அந்த வருடம் எங்கள் வீட்டில் முட்டையின் மஞ்சள் கருவை எல்லாம் நான்தான் தின்றேன். காலையில் அம்மா இரண்டு முட்டை அவிப்பாள். வெள்ளைக் கரு அப்பாவுக்கு. மஞ்சளை வீணாக்க மனசு வராமல் என் தட்டில் வைத்துவிடுவாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து இரண்டு வாயில் முடித்துவிடுவேன். அப்படியும் அப்பா பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரியும்.

அப்பா சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் மருந்து கலந்தவர். பெட்டியின் உரசுகிற பக்கத்தில் பூசும் சிவப்புக் கலவை அவர் கைப்பக்குவம். சிறுநீரகம் கெட ஆரம்பித்தபோது விருதுநகர் டாக்டர் எழுதிக்கொடுத்த உணவுத்தாளில் இருந்தது: புரதம் குறைவாக, மஞ்சள் கரு வேண்டாம், அதில் பாஸ்பரஸ் அதிகம். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டியது நான். வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன், அதுவும் வேதியியல் படிப்பவன். எழுத்தில் வந்ததை மீற என்னால் முடியாது.

அப்பாவுக்கு அந்தத் தாளில் பிடிபட்டது ஒரே ஒரு வார்த்தைதான்.

“பாஸ்பரஸா? அது கம்பெனியில ஏறினதுலே. இருபது வருசமா அதுலதான கைய விட்டுக் கெடந்தேன். கோழி என்ன செய்யும் பாவம்?”

“ரத்தத்துல இருக்கறது சாப்பாட்டுல வர்றதுப்பா. கையில ஒட்டினது இல்ல.”

“நீ புஸ்தகத்துல பாத்த. நான் டின்னுல பாத்துருக்கேன்.”

அதற்கு மேல் பேச்சு நகராது.

அடுத்த வருடம் டயாலிசிஸ் வந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் பஸ். நான்கு மணி நேரம் அவர் மெஷினில் கிடப்பார். நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். உட்கார்ந்தால் கால் ஆடும். அப்பாவின் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. சாப்பாட்டில் பாதியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். “வெறும் வெள்ளைய எம்புட்டு நாளைக்கு முழுங்குறது? சுண்ணாம்பு திங்கிற மாதிரி இருக்கு” என்பார்.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டயாலிசிஸ் டாக்டர் சொன்னார்: “பாஸ்பரஸ் ஏழைத் தாண்டிருச்சு, அஞ்சரைக்குள்ள இருக்கணும். மஞ்சள் கருவைச் சுத்தமா நிறுத்துங்க.”

“நிறுத்தி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு சார்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

அதே நாள் கீழ்த்தளத்தில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் பாஸ்பரஸ் எண்ணைப் பார்க்கவே இல்லை. முதலில் அப்பாவின் கையைப் பிடித்து மேல்சதையை அமுக்கிப் பார்த்தார்.

“ஐயா, என்ன இப்படி வத்திப் போயிருக்கீங்க? முட்டை எத்தனை சாப்பிடுறீங்க?”

“ரெண்டு வெள்ளை தாயி. மஞ்சளு நம்ம வேதியியல் ஐயாவுக்கு” என்று என்னைக் கைகாட்டினார் அப்பா.

“மூணு வெள்ளை வேணும். மஞ்சளும் வாரத்துல ரெண்டு நாள் சேர்க்கலாமான்னு பார்ப்போம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மாடியில டாக்டர் கூடாதுங்கறாரு. விருதுநகர்ல முட்டையே குறைங்கன்னாங்க. நீங்க கூட்டுங்கறீங்க. நாங்க யார் சொல்றதக் கேக்குறது?”

அந்த அம்மா கோபப்படவில்லை. “விருதுநகர்ல சொன்னது டயாலிசிஸ் தொடங்குறதுக்கு முந்தி. அப்ப புரதத்தைக் குறைச்சா சிறுநீரகத்துக்குப் பாரம் குறையும். இப்ப மெஷின்ல ஒவ்வொரு தடவையும் புரதம் கொஞ்சம் போயிருது, கூடுதலாச் சாப்பிட்டே ஆகணும். வெள்ளைக் கருவில பாஸ்பரஸ் ரொம்பச் சொற்பம், அதான் அதைத் தர்றோம். மஞ்சள்ல அதிகந்தான். ஆனா முட்டையில இருக்கறது முழுசும் ரத்தத்துல ஏறாது. பொட்டலத் தின்பண்டத்துக்கும் கறுப்புக் கலர் சோடாவுக்கும் சேர்க்கிறாங்களே, அதுல இருக்கற பாஸ்பரஸ்தான் கிட்டத்தட்ட அப்படியே ஏறும். டாக்டர் எண்ணைப் பார்க்கிறாரு, நான் ஆளைப் பார்க்கிறேன். ரெண்டும் வேணும்.”

பிறகு அப்பாவிடம் கேட்டார். “பாஸ்பரஸுக்கு ஒரு வெள்ளை மாத்திரை இருக்குமே. எப்பப் போடுறீங்க?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது தெரிந்த பாடம் என்கிற தோரணை. “விடிஞ்சதும் பல்லு வெளக்கிட்டு, வெறும் வயித்துல. மூணையும் ஒண்ணாப் போட்டுருவேன். ஒரு நாள் தப்பினது இல்ல.”

“மூணையுமா? யார் அப்படிச் சொன்னா?”

“சொல்லணுமா தாயி? கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முந்தி போர்மேன் ஆளுக்கொரு வெல்லக்கட்டி குடுப்பாரு. வெறும் வயித்துல தின்னாத்தான் உள்ள போன தூசிய இழுத்துட்டு வெளிய வரும். சோறு தின்னுட்டா வெல்லம் சோத்தோட போயிரும். இது பாஸ்பரஸுக்கு உள்ள மாத்திரைன்னு சொல்றாக. அது உள்ள இருக்குற பாஸ்பரஸத்தான பிடிக்கணும்?”

எனக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போலிருந்தது. முட்டையைக் காவல் காத்தேன், மாத்திரைச் சீட்டில் ‘உணவுடன்’ என்று இருந்ததை நானே படித்துக் காட்டியிருக்கிறேன். எப்போது விழுங்குகிறார் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. விடியற்காலையில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த அம்மா மேசையில் இருந்த காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். “இது வயிறுன்னு வைங்க. சாப்பாட்டுல வர்ற பாஸ்பரஸை இந்த மாத்திரை இங்கயே பிடிச்சு மலத்தோட வெளியேத்தும். ரத்தத்துக்குள்ள போய்ப் பிடிக்காது. சாப்பாடு இல்லாத நேரத்துல போட்டா பிடிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது. மாத்திரையில உள்ள சுண்ணாம்புச் சத்து மட்டும் ரத்தத்துல வீணா ஏறும். மூணு வேளைக்கும் ஒண்ணொண்ணு. சோத்துக்கு நடுவுல.”

அப்பா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப கம்பெனிப் பாஸ்பரஸு?”

“அது இந்தக் கணக்குல இல்லைய்யா.”

“இத்தன நாளா அதுமேல பழியப் போட்டுட்டேன்” என்றார் அப்பா. திரும்பி என்னிடம், “நீ சொன்னப்ப வெளங்கல. இந்தத் தாயி வட்டம் போட்டதும் வெளங்குது. நீ படம் போட்டுருக்கணும்லே.”

பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். எனக்கு விருதுநகர் வரை ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. சீட்டு இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மறுநாளிலிருந்து மூன்று வெள்ளை. மாத்திரை அவர் வாயில் போகிறதா என்று வீட்டில் இருக்கும் வேளையெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். மத்தியானத்துக்கு அம்மாவைக் காவல் நிறுத்திவிட்டுக் கல்லூரிக்குப் போனால், எதிரே உள்ள டெலிபோன் கடைக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பேன்.

“முழுங்குனாருடா, நாலு வாய்ச் சோத்துக்கு அப்புறம். எத்தன தடவ கேப்ப?” என்பாள் அம்மா.

அடுத்த மாதப் பரிசோதனையில் எண் ஐந்தரைக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. டாக்டர் “பரவால்ல” என்றார். மஞ்சள் கரு பற்றிக் கேட்டேன். “இன்னும் ஒரு மாசம் பொறுங்களேன்” என்றார். கீழே அந்த அம்மா, “வாரத்துல ரெண்டு, மாத்திரையோட. அடுத்த எண்ணைப் பார்த்துட்டுக் கூட்டுறதா குறைக்கிறதான்னு சொல்றேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். ஒரே கட்டடத்தில் இரண்டு பதில். ஆனால் இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேரும் எதற்குப் பயந்து பேசுகிறார்கள் என்று தெரிந்திருந்தது: அவர் எண் ஏறுவதற்கு, இவர் ஆள் வற்றுவதற்கு. அதனால் பயம் இரண்டாகி இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு முட்டையைப் பிளக்காமல் அப்பா தட்டில் வைத்தாள். அப்பா தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

“திங்கவா, வேணாமா? நீதான சொல்லணும்.”

எனக்குள் மாடியில் சொன்னதும் கீழே சொன்னதும் மாறி மாறி ஓடின. அவர் தோளெலும்பு பனியனுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

“சாப்பிடுங்கப்பா” என்றேன்.

பாதியாகக் கடித்தார். மஞ்சள் கருத் துகள் மீசையில் ஒட்டியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசத்தைக் கலக்கினாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அம்மா வைத்தாள். நான் அடுத்த ரத்தம் எடுக்கும் நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன்.